அப்பா எட்டு வருஷமாக பான்டோபிரசோல் போடுகிறார். நிறுத்தினால் எரிச்சல் இரண்டு மடங்காகிறது

செந்தில்_கரூர்

அப்பாவுக்கு வயது 67. எட்டு வருஷத்துக்கு முன் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் ஒன்று. காய்ச்சல் மாத்திரை எல்லாம் அப்போதே முடிந்துவிட்டது, இது மட்டும் நிற்கவே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் பழைய அட்டையைக் காட்டினால் புது அட்டை கொடுத்துவிடுவார்கள்.

நிறுத்திப் பார்க்காமல் இல்லை. நிறுத்தினால் மூன்றாவது நான்காவது நாளே வயிற்றிலிருந்து தொண்டை வரை தீ பிடித்த மாதிரி எரிகிறது என்கிறார். புளித்த ஏப்பம், ராத்திரி எழுந்து உட்காருவது எல்லாம் வருகிறது. மாத்திரை போட்டால் அடங்குகிறது. "எனக்கு அல்சர் இருக்குடா, இது இல்லாம முடியாது" என்று முடிவே கட்டிவிட்டார். ஆனால் டெங்குவுக்கு முன் அவருக்கு நெஞ்செரிச்சல் என்று ஒன்று இருந்ததாக எனக்கோ அம்மாவுக்கோ ஞாபகமே இல்லை.

இது ஒருவகை அடிமைத்தனமா? இதற்குப் பதில் ஜெலுசில் மாதிரி மருந்தோ, முன்பு எல்லோரும் போட்ட ரானிடிடின் மாதிரி மாத்திரையோ போதுமா? வருஷக்கணக்கில் போட்டால் கெடுதல் என்று வாட்ஸப்பில் வருவதில் எது நிஜம்?

இன்னொன்று. ஒரு வருஷமாக உள்ளங்கால் மரத்துப்போகிறது, ஊசி குத்துகிறது என்கிறார். சுகரால் நரம்பு பாதிப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆம்பூர்_அன்வர்

தம்பி, பந்தியில் ரெண்டு தட்டு பிரியாணி அடித்துவிட்டு வந்தால் எனக்கும் இப்படித்தான் எரியும். ஒரு பாக்கெட் ஈனோவைத் தண்ணீரில் போட்டுப் பொங்கும்போதே குடித்துவிடுவேன். ஐந்து நிமிஷத்தில் பெரிய ஏப்பம் வரும், அவ்வளவுதான். அப்பாவுக்கும் தினமும் ராத்திரி ஒன்று கொடுங்கள்.

கலா_பார்மசி

அன்வர் அண்ணே, நீங்கள் சொல்வது எப்போதோ ஒரு நாள் எரிச்சலுக்கு. அவர் கேட்பது எட்டு வருஷ மாத்திரையைப் பற்றி. ஈனோவைத் தினமும் கொடுக்க வேண்டாம். ஒரு பாக்கெட்டில் சுமார் 800 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டில் சேர்ந்து 2000க்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிரஷர் இருக்கிற, இதயம் பலவீனமான வயதானவருக்கு ராத்திரி ராத்திரி உப்புக் கரைசல் கொடுப்பது சரியில்லை.

செந்தில், நான் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கிறேன். அப்பா போடும் எல்லா மாத்திரையும் எழுதுங்கள். கடையில் கேட்டு வாங்குவது, மூட்டு வலிக்குப் போடுவது, சத்து மாத்திரை, எதையும் விடாதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அதில் பான்டோபிரசோல் எத்தனை நாளைக்கு என்று பாருங்கள். அந்தக் கால் மரத்துப்போவது பற்றி அப்புறம் பேசுவோம். சம்பந்தம் இல்லை என்று இப்போதே ஒதுக்க வேண்டாம்.

விழிப்பு_வேலு

இந்த மாத்திரைகள் மெல்லக் கொல்லும் விஷம். கிட்னி போகும், எலும்பு உடையும், மறதி நோய் வரும். எல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சியிலேயே வந்துவிட்டது. அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டிருக்கிறது. வயிற்றில் அமிலம் இருப்பது கடவுள் வைத்தது, அதை ஏன் அடைக்க வேண்டும்? இன்றே தூக்கிப் போடுங்கள். சீரகத் தண்ணீர், மோர், வேளாவேளைக்குச் சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். எரிச்சல் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் தாங்கச் சொல்லுங்கள்.

கலா_பார்மசி

வேலு சார், ஒரு வாரத்தில் அது போகாது. அதனால்தான் அவர் அப்பா ஒவ்வொரு தடவையும் தோற்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமிலம் சுரக்கும் செல்லுக்கு "சுரக்கட்டும்" என்று மூன்று வழியில் உத்தரவு வருகிறது. காஸ்ட்ரின் என்ற ஹார்மோன், ஹிஸ்டமின், அப்புறம் நரம்பு. எந்த வழியில் வந்தாலும் கடைசியில் அமிலத்தை வெளியே தள்ளுவது ஒரே பம்ப். ஜெலுசில் மாதிரி மருந்து ஏற்கெனவே வெளியே வந்த அமிலத்தை முறிக்கிறது. நிமிஷங்களில் வேலை செய்யும். வெறும் வயிற்றில் அரை மணி, ஒரு மணி நேரம் நிற்கும். சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் இன்னும் கொஞ்சம் கூட. ரானிடிடின், ஃபாமோடிடின் வகை ஹிஸ்டமின் வழியை மட்டும் அடைக்கும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை அந்தப் பம்பையே பூட்டிவிடுகிறது. மாத்திரை ரத்தத்தில் இருப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். ஆனால் பூட்டிய பம்ப் திரும்பத் திறக்காது, உடம்பு புதுப் பம்ப் செய்ய வேண்டும். அதனால்தான் ஒரு மாத்திரை ஒரு நாளுக்கு மேல் பேசுகிறது.

சரி, நிறுத்தினால் என்ன ஆகிறது? வயிற்றில் அமிலம் குறைந்துவிட்டதே என்று உடம்பு காஸ்ட்ரினை ஏற்றிக்கொண்டே போகும். அந்தக் காஸ்ட்ரின் பேச்சைக் கேட்டு ஹிஸ்டமின் விடும் செல்கள் மாதக்கணக்கில் பெருத்துவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் புதிதாக வரும் பம்புகளைப் பூட்ட ஒன்றும் இருக்காது, ஆனால் பெருத்த செல்கள் அப்படியே இருக்கும். முன்பு இருந்ததைவிட அதிக அமிலம் வரும்.

2009இல் டென்மார்க்கில் இதைப் பரிசோதித்தார்கள். வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமான 120 பேர். பாதிப் பேருக்கு எட்டு வாரம் இதே வகை எசோமிபிரசோல் கொடுத்து, அப்புறம் சொல்லாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். மீதிப் பேருக்கு முதலிலிருந்தே வெற்று மாத்திரை. நிறுத்தியபின் வந்த வாரங்களில் மருந்து சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் மாதிரி தொந்தரவு. மற்றவர்களில் 15 சதவீதம். வியாதியே இல்லாதவருக்கு மாத்திரையே எரிச்சலை வரவைத்தது. உங்கள் அப்பா "அல்சர்" என்று நினைப்பது இதுவாக இருக்கலாம். அடிமைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை மேல் ஆசை ஏதும் இல்லை, வயிறுதான் அதற்குப் பழகிப்போயிருக்கிறது.

மீனா_தைராய்டு

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். நான் காலையில் தைராக்சின் 75 போடுகிறேன். வெறும் வயிறு எரிகிறது என்று அரை மணியில் ரெண்டு மூடி ஜெலுசில் மாதிரி பிங்க் மருந்து குடிப்பேன். போன வருஷம் 50 ஆக இருந்தது, ரத்தத்தில் தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் குறையவில்லை என்று 75 ஆக்கினார்கள், இப்போது 100 ஆக்கலாம் என்கிறார்கள். இந்த மருந்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

கலா_பார்மசி

மீனா, உண்டு. அந்த மருந்தில் இருக்கும் அலுமினியமும் மக்னீசியமும் தைராக்சினைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவிடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் அதே இடைவெளி. 100க்கு ஏறுவதற்கு முன் டாக்டரிடம் இதைச் சொல்லி, ஆறு வாரம் ஒழுங்காக இடைவெளி விட்டுப் பிறகு டிஎஸ்எச் பார்க்கலாமா என்று கேளுங்கள். அளவையும் ஏற்றி இடைவெளியும் விட்டால் டோஸ் அதிகமாகிப் படபடப்பு வரும்.

செந்தில்_கரூர்

கலா மேடம், ரொம்ப நன்றி. டிஸ்சார்ஜ் சம்மரியை அம்மா ரேஷன் கார்டு பையில் வைத்திருந்தார். அதில் பான்டோபிரசோல் 40, 1-0-0, 10 நாள் என்றுதான் இருக்கிறது. பத்து நாள்! எட்டு வருஷமாகப் போடுகிறார்.

இப்போது போடுவது:

காலையில் இட்லி சாப்பிட்டு, காபி குடித்தபின் பான்டோபிரசோல் 40, டாம்பெரிடோன் 30 சேர்ந்த கேப்ஸ்யூல். நடுவில் எப்போது "டி" சேர்ந்தது என்று தெரியவில்லை, கடையில் மாற்றிக் கொடுத்திருக்கலாம்.
சுகருக்கு மெட்ஃபார்மின் 1000, காலை, இரவு. பத்து வருஷத்துக்கு மேல்.
பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 உடன் தண்ணீர் பிரியும் மாத்திரை சேர்ந்தது.
முட்டி வலிக்கு அசெக்ளோஃபெனாக், பாராசிடமால் சேர்ந்தது. வாரத்தில் மூன்று நான்கு நாள். கடையில் கேட்டு வாங்குகிறார்.
ஆஸ்பிரின் இல்லை.

நாங்கள் சைவம். முட்டைகூட இல்லை.

கலா_பார்மசி

இந்தப் பட்டியலில் நான்கு விஷயம் இருக்கிறது.

முதலில் நேரம். மாத்திரையை காபிக்கு அப்புறம் போடுவதில் பாதிப் பலன் வீண். பம்புகள் சாப்பிடும்போதுதான் விழிக்கும், விழித்த பம்பைத்தான் மருந்து பூட்டும். ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் ரத்தத்தில் இருக்கிற மருந்து அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். அதற்குத்தான் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு என்று எழுதுகிறார்கள். "40 போட்டும் எரிகிறது" என்று வருகிறவர்கள் பலர் இப்படித்தான்.

இரண்டாவது டாம்பெரிடோன். அது அமிலத்துக்கான மருந்தே இல்லை. வாந்தி, குமட்டலுக்கு உள்ளது. இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கலாம் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் ஒரு நாளில் 10 மில்லிகிராம் மூன்று வேளைக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேலும் வேண்டாம் என்றது. வயது 60ஐத் தாண்டியவர்களுக்குத்தான் அந்தக் கவலை அதிகம். இங்கே வருஷக்கணக்கில் போடுகிறார்கள்.

மூன்றாவது அந்த உள்ளங்கால். சாப்பாட்டில் இருக்கும் பி12 வைட்டமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தை அடைத்தால் பிரிவது குறைகிறது. மெட்ஃபார்மின் அதற்கு அப்புறம் குடலில் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. சைவத்தில் பாலும் தயிரும் தவிர பி12 வருகிற வழியே இல்லை. மூன்றும் ஒரே ஆளிடம். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய ஆய்வு, 2013இல் வந்தது, இந்த மாத்திரையை இரண்டு வருஷத்துக்கு மேல் போட்டவர்களிடம் பி12 குறைபாடு கண்டவர்கள் சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தார்கள். உடம்பு பி12ஐச் சேமித்து வைக்கும், அதனால் குறைய வருஷங்கள் ஆகும். சுகரால் வரும் நரம்பு பாதிப்பும் பி12 குறைவும் காலில் ஒரே மாதிரி தெரியும். பி12 அளவு பார்க்காமல் சுகர் என்று முடிவு கட்ட முடியாது.

நான்காவது, நீர் பிரியும் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் மக்னீசியம் குறையலாம். அமெரிக்க மருந்துத் துறை 2011இல் இந்த மாத்திரைகளுக்கு அப்படி எச்சரிக்கை கொடுத்தது. ராத்திரி கெண்டைக்கால் பிடித்திழுக்கிறதா என்று கேளுங்கள்.

பி12, மக்னீசியம், கிட்னிக்காகக் கிரியாட்டினின், ஹீமோகுளோபின் பாருங்கள். மாத்திரையை இப்போதே நிறுத்தாதீர்கள்.

விழிப்பு_வேலு

நான் சொன்னதைத்தான் நீங்களும் நீட்டி முழக்கிச் சொல்கிறீர்கள். கெடுதல் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். அப்புறம் ஏன் நிறுத்த வேண்டாம் என்கிறீர்கள்?

யாழ்_ரமணன்

வணக்கம் வேலு அண்ணை. என்ரை அம்மாவுக்கு போன வருசம் இருதயத்திலை ஸ்டென்ட் வைச்சவை. ரத்தம் கட்டியாகாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போடுறா. நீங்கள் எழுதினது மாதிரி ஒருத்தர் சொல்லி, அம்மா வயித்து மாத்திரையை விட்டிட்டா. மூண்டாவது மாசம் மலம் தார் மாதிரி கறுப்பாப் போச்சு, ஹீமோகுளோபின் 7க்கு இறங்கி, ரத்தம் ஏத்தினவை. ரத்தம் போறது நிண்டதோடை வயித்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கினவை. அம்மாவுக்கு முதல் ஒமிபிரசோல் எழுதியிருந்ததை குளோபிடோக்ரலோடை சேர்க்க வேண்டாம் எண்டு பான்டோபிரசோலுக்கு மாத்தினவை. அதிலை உண்மை இருக்கோ?

நெல்லை_டாக்டர்

இருக்கிறது ரமணன். குளோபிடோக்ரல் ஈரலில் மாறினால்தான் வேலை செய்யும். மாற்றும் அதே நொதியை ஒமிபிரசோலும் எசோமிபிரசோலும் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் 2009இலேயே சேர்க்க வேண்டாம் என்றார்கள். பான்டோபிரசோல் அந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. உங்கள் அம்மா அதை விடக்கூடாது. ஏற்கெனவே ரத்தம் கசிந்தவர் வேறு.

பொது மருத்துவனாக என் கருத்து. வேலு சொன்ன பட்டியலில் சில நிஜம், சில நிழல். கிட்னி, மறதி நோய், எலும்பு முறிவு பற்றிய செய்திகள் பெரும்பாலும் "இந்த மாத்திரை போடுபவர்களிடம் இது அதிகமாக இருக்கிறது" என்ற வகை ஆய்வுகள். போடுபவர்கள் ஏற்கெனவே வயதானவர்கள், வலி மாத்திரை போடுபவர்கள், பல வியாதி உள்ளவர்கள். மாத்திரைதான் காரணமா, ஆள்தான் காரணமா என்று அதில் பிரிக்க முடியாது. 2019இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் சுமார் 17,600 பேரை சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு பான்டோபிரசோல் 40, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து மூன்று வருஷம் கவனித்தார்கள். எலும்பு முறிவு, கிட்னி நோய், மறதி, நிமோனியா எதிலும் வித்தியாசமில்லை. வயிற்றுப்போக்குக் கிருமித் தொற்று மட்டும் கொஞ்சம் அதிகம், 1 சதவீதம் 1.4 ஆனது.

விழிப்பு_வேலு

மூன்று வருஷம். இவர் அப்பா எட்டு வருஷம். அந்த ஆராய்ச்சியை வைத்து எட்டு வருஷத்துக்கு எப்படி உத்தரவாதம் கொடுப்பீர்கள்?

நெல்லை_டாக்டர்

உத்தரவாதம் கொடுக்கவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கிட்னியில் திடீரென்று ஒவ்வாமை மாதிரி வீக்கம் வருவது அபூர்வம், ஆனால் உண்டு. போட ஆரம்பித்த சில வாரம், சில மாதங்களில் வரும். சோர்வு, குமட்டல், கிரியாட்டினின் ஏறுவது என்று தெரியும். அதைப் பார்த்தால் உடனே நிறுத்துவோம். மெதுவாக வருஷக்கணக்கில் கிட்னியைத் தின்கிறதா என்பது எனக்கு இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது.

செந்தில், எனக்கு உறுத்துவது வேறு. வாரம் நான்கு நாள் அசெக்ளோஃபெனாக், கூடவே டெல்மிசார்டன், கூடவே நீர் மாத்திரை. இந்த மூன்றும் சேர்ந்து கிட்னிக்குச் செய்யும் கெடுதல் பான்டோபிரசோலைவிட நிச்சயமானது. அதோடு, 67 வயதில் அந்த வலி மாத்திரை போட்டுக்கொண்டே வயிற்று மாத்திரையை நிறுத்தினால், ரமணன் அம்மாவுக்கு வந்தது இவருக்கும் வரலாம். முதலில் நிற்க வேண்டியது வலி மாத்திரை.

கலா_பார்மசி

டாக்டர் சொன்னது சரி, அந்த வரியைத்தான் நான் முதலில் எடுத்திருக்க வேண்டும். முட்டிக்குப் பாராசிடமால் மட்டும், மேலே தடவும் ஜெல், தொடைத் தசைக்கு உடற்பயிற்சி என்று மாற முடிந்தால்தான் மற்றதெல்லாம்.

செந்தில்_கரூர்

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. பி12 148. அச்சிட்ட தாளில் 200க்கு மேல் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. மக்னீசியம் 1.7, கீழ் எல்லையிலேயே. கிரியாட்டினின் 1.3. ஹீமோகுளோபின் 11.4. கெண்டைக்கால் பிடிப்பு ராத்திரி வருகிறதாம், கேட்டபின்தான் சொல்கிறார்.

எங்கள் டாக்டர் பி12 ஊசி போட ஆரம்பித்துவிட்டார். வலி மாத்திரையை நிறுத்தி பாராசிடமால் கொடுத்தார். "டி" கேப்ஸ்யூலை எடுத்துவிட்டு, வெறும் பான்டோபிரசோல் 20, காலையில் ஆறு மணிக்கு எழுந்ததும் போட்டு, ஆறே முக்காலுக்கு இட்லி. இப்படி நான்கு வாரம் போகட்டும் என்றார். அப்பாவுக்கு அளவு பாதியானதில் வருத்தம். ஆனால் எரிச்சல் கூடவில்லை. நேரம் மாறியதால்தான் இருக்குமோ?

பி12 ஊசிதான் வேண்டுமா, மாத்திரை போதாதா? அப்பாவுக்கு ஊசி என்றால் பயம்.

கலா_பார்மசி

நேரம் மாறியதால்தான். சரியான நேரத்தில் 20, தவறான நேரத்தில் 40ஐவிட நன்றாக வேலை செய்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

காலில் அறிகுறி இருப்பதால் முதலில் ஊசி என்பது சரியான முடிவு. பிறகு மாத்திரைக்கு மாறலாம், ஏனென்றால் மாத்திரையில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை, அதைப் பிரிக்க அமிலம் வேண்டாம். 1000 மைக்ரோகிராம் மாதிரி பெரிய அளவில் தினமும் போட்டால் போதுமான அளவு உள்ளே போகும். கால் சரியாக மாதங்கள் ஆகும். ஒரு வருஷமாக இருப்பதால் முழுக்கத் திரும்பாமலும் போகலாம்.

கோவை_சுந்தர்

நடுவில் ஒரு சந்தேகம். ரானிடிடின் தடை ஆகிவிட்டதா இல்லையா? எங்கள் வீட்டில் எண்பதுகளிலிருந்து அதுதான்.

கலா_பார்மசி

அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் எல்லா ரானிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். என்டிஎம்ஏ என்ற புற்றுநோய் சந்தேகம் உள்ள பொருள் அந்த மாத்திரையிலேயே, வைத்திருக்க வைத்திருக்க, முக்கியமாக வெப்பத்தில், உருவாகிறது என்பதுதான் காரணம். இந்தியாவில் தடை இல்லை. ஆனால் 2022இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் ஊர் வெயிலில் அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்த அட்டை இருந்தால் குப்பையில் போடுங்கள். அந்த வகைதான் வேண்டும் என்றால் ஃபாமோடிடின் இருக்கிறது, அதில் அந்தச் சிக்கல் இல்லை. ஒன்று ஞாபகம் வையுங்கள். அந்த வகையைத் தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகி, வேலை குறையும். எப்போதாவது தேவைப்படும் ராத்திரிக்கு அது அருமை, தினசரிக்கு அல்ல.

கோவை_சுந்தர்

புதிதாக வோனோபிரசான் என்று ஒன்றை எழுதுகிறார்களே, அது பாதுகாப்பானதா?

நெல்லை_டாக்டர்

ஜப்பானில் பத்து வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. பம்பை வேறு விதமாகப் பிடிக்கிறது, சாப்பாட்டு நேரம் பார்க்க வேண்டாம், முதல் நாளே வேலை செய்யும். ஆனால் அமிலத்தை இன்னும் பலமாக அடைப்பதால் காஸ்ட்ரின் அதிலும் ஏறும். செந்தில் அப்பா மாதிரி மாத்திரையை விட முயல்பவருக்கு அது பதில் இல்லை.

செந்தில்_கரூர்

நான்கு வாரம் முடிந்தது. இப்போது 20 ஒரு நாள் விட்டு ஒரு நாள். விட்ட நாள் ராத்திரி எரிகிறது, ஆனால் முன்பு மாதிரி தீ இல்லை. இரண்டு தடவை ஜெலுசில் மாதிரி ஜெல் மருந்து பத்து மில்லி குடித்தார். நிறைய குடித்த ஒரு நாள் பேதி ஆனது.

கலா_பார்மசி

அந்தப் பேதி மக்னீசியம். அலுமினியம் மட்டும் உள்ளது மலச்சிக்கல் தரும், அதனால் இரண்டையும் கலக்கிறார்கள், இருந்தாலும் நிறைய குடித்தால் மக்னீசியம் ஜெயிக்கும். கிரியாட்டினின் 1.3 என்பதால் அந்த ஜெல்லைத் தினமும் பல வேளை குடிக்க விடாதீர்கள். கிட்னி சரியில்லாதவர் உடம்பில் அலுமினியமும் மக்னீசியமும் தங்கும். அல்ஜினேட் உள்ளது கிடைத்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் பாருங்கள். வயிற்றில் இருப்பதன் மேல் மிதந்து, மேலே எதுக்களிக்காமல் தடுக்கும்.

நெல்லை_டாக்டர்

இப்படிப் படிப்படியாகக் குறைப்பதும் ஒரேயடியாக நிறுத்துவதும் கடைசியில் ஒன்றுதான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எரிச்சலை எதிர்பார்த்து, கையில் ஜெல்லை வைத்துக்கொண்டு நிறுத்துபவர்களும் தேறிவிடுகிறார்கள். பயப்படுகிற நோயாளிக்குப் படிப்படிதான் நல்லது என்பது என் பழக்கம், ஆதாரம் அவ்வளவு இல்லை.

முழுக்க நிறுத்தியபின் முதல் இரண்டு மூன்று வாரம் மோசமாக இருக்கும், அதற்குப் பின் இறங்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஆகியும் வாரத்தில் பல நாள் எரிந்தால், அது மருந்தை விட்டதால் வந்தது இல்லை, உண்மையான வியாதி. அப்போது எண்டோஸ்கோபி பார்க்கலாம். அல்சர் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்குச் சோதனை செய்வதாக இருந்தால் இந்தச் சந்தர்ப்பத்தை விடாதீர்கள். மூச்சு, மலப் பரிசோதனைக்கு முன் இந்த மாத்திரை இரண்டு வாரமாவது நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். முழுங்குவதில் சிரமம், கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் காத்திருக்க வேண்டாம். நடக்கும்போது வரும், வேர்வையோடு வரும் நெஞ்செரிச்சலுக்கு ஜெல் ஊற்றிக்கொண்டு இருக்காமல் முதலில் இசிஜி.

விழிப்பு_வேலு

எல்லாம் சொல்லிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லவே இல்லையே. எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு முடித்துவிடுவோம், ஒருவருக்கும் மாத்திரை இல்லை.

கலா_பார்மசி

அதை ஒத்துக்கொள்கிறேன் சார். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் சாப்பாடு, தொப்பை இருந்தால் குறைப்பது, கட்டிலின் தலைப்பக்கக் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்துவது. தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், கட்டிலே சாய வேண்டும்.

செந்தில்_கரூர்

கட்டிலுக்குச் செங்கல் வைத்தாயிற்று, அம்மாதான் சறுக்கி வருகிறேன் என்று திட்டுகிறார். இரவுச் சாப்பாடு எட்டிலிருந்து ஏழரைக்கு வந்திருக்கிறது, அதற்குமேல் சீரியல் விடவில்லை. உள்ளங்கால் குத்துவது கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறார், எனக்கு இன்னும் நம்பிக்கையில்லை.

புதுப் பிரச்சினை. போன ஞாயிறு கல்யாணத்தில் நிறைய நின்றதில் முட்டி வீங்கிவிட்டது. எனக்குத் தெரியாமல் கடையில் பழைய வலி மாத்திரையையே வாங்கி மூன்று நாள் போட்டிருக்கிறார். இப்போது பான்டோபிரசோலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதிலேயே தொடர்வதா, தினமும் ஆக்குவதா?

நெல்லை_டாக்டர்

வலி மாத்திரை போட்ட நாட்களிலும் அதற்குப் பின் சில நாளும் தினமும் 20. அப்புறம் மறுபடி விட்டு விட்டு. ஒரு வாரம் பின்வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். கிரியாட்டினினை அடுத்த மாதம் திரும்பப் பாருங்கள். அந்தக் கடைக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், சீட்டு இல்லாமல் அப்பாவுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று.